கதவு ரப்பர் குறித்த உணர்வுகள்

சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்குகிறவர்கள் உலகத்தில் கொஞ்சம் பேர்தான். அந்தப் பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் இருபத்தோரு வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தவளை எல்லோரும் நீராவி அக்கா என்று கூப்பிட்டார்கள். அறுவை அரங்கிலிருந்து ரத்தத்தோடு இறங்கிவரும் கத்திகளையும் கத்தரிகளையும் கழுவி, துணியில் கட்டி, ஆளுயர இரும்புப் பெட்டிகளுக்குள் வைத்து, நீராவியால் கிருமி கொன்று, திரும்ப மேலே அனுப்புவது அவளுடைய பிரிவின் வேலை. இதில் இருக்கிற சங்கடம் ஒன்றுதான். கிருமி செத்ததா இல்லையா என்று கண்ணால் பார்க்க முடியாது. கிருமி செத்த கத்தியும் சாகாத கத்தியும் ஒரே மாதிரி பளபளவென்றுதான் இருக்கும். அதனால் அக்கா எதையும் நம்பமாட்டாள். அளவுமானியை நம்பமாட்டாள், அச்சிட்டு வரும் தாளை நம்பமாட்டாள், தன் கையெழுத்தையே இரண்டு தடவை பார்த்துக்கொள்வாள்.

அங்கே இரண்டு இயந்திரங்கள் இருந்தன. ஒன்றாவது, இரண்டாவது. வேறு பெயர் வைக்கிற அளவுக்கு யாருக்கும் அவற்றின் மேல் பிரியம் கிடையாது.

அந்த வருடத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் தர மேம்பாட்டுக் குழு என்று ஒன்று பிறந்தது. அதற்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் வந்தார். பதவியில் அக்காவுக்குச் சமமானவர்தான். சம்பள அடுக்கும் ஒன்றுதான். ஆனால் அவருக்கு ஜன்னல் இருந்தது. முதல் நாளே கீழே இறங்கிவந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இயந்திரங்களைச் சுற்றிப் பார்த்தார்.

"இது என்னன்னு உங்களுக்குப் புரியுதா?" என்றார்.

அக்காவுக்குக் கேள்வி புரியவில்லை. "மிஷின் சார்" என்றாள்.

"சிம்பிளா சொல்லணும்னா, இதுல தண்ணி சூடாகும். சூடான தண்ணி ஆவியாகும். ஆவி பட்டா கிருமி செத்துடும். நம்ம வீட்டு குக்கர் மாதிரின்னு வெச்சுக்கங்களேன்."

"ஆமா சார். ஆனா ஆவி வர்றதுக்கு முன்னாடி உள்ள இருக்கிற காத்தை எடுக்கணும். காத்து ஒரு மூலையில நின்னுடுச்சுன்னா, அந்த இடத்துக்கு ஆவி போகாது. மத்த இடமெல்லாம் நூத்தி முப்பத்துநாலு டிகிரி இருந்தாலும்..."

"அவ்வளவு ஆழமா நீங்க போகவேண்டாம்" என்று அவர் அன்பாகக் கையை அசைத்தார். "குக்கர்னு ஞாபகம் வெச்சுக்கங்க. போதும்."

அன்று மாலைக்குள் பிரிவு முழுக்க அவருக்கு சிம்பிளா சார் என்று பெயர் விழுந்துவிட்டது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஓர் ஆள் தனக்குத் தெரியாததை இவ்வளவு நிதானமாகச் சொல்ல முடியுமானால், அதற்குப் பின்னால் ஏதோ இருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தனக்குத் தெரியாமல் இந்த வேலையே மாறிவிட்டதோ என்றும் தோன்றியது. வீட்டுக்குப் போனதும் பழைய பயிற்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, காற்று பற்றிய பக்கத்தைப் படித்தாள். காற்று அப்படியேதான் இருந்தது.

"என்னம்மா, பரீட்சையா?" என்றார் கணவர். அவர் பஸ் ஓட்டுகிறவர்.

"நீங்க வண்டியில ஏறினதும் யாராவது வந்து, இதுதான் ஸ்டியரிங், இதைத் திருப்பினா வண்டி திரும்பும்னு சொன்னா என்ன செய்வீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அந்த ஆளுக்கு லைசென்ஸ் இருக்கான்னு பார்ப்பேன்."

சிம்பிளா சாரிடம் எல்லா லைசென்சும் இருந்தன. அதுதான் சிக்கல். பதினேழு சான்றிதழ்கள், சட்டம் போட்டு, ஜன்னலுக்கு இருபக்கமும்.

இரண்டாவது மாதத்தில் ஒன்றாம் இயந்திரம் வேலையைக் காட்டியது.

தினமும் காலையில் இயந்திரம் சூடானதும் அக்கா முதலில் ஒரு சோதனை வைப்பாள். கனமான ஒரு சின்னக் கட்டு. அதன் நடுவில் மஞ்சள் கோடுகள் போட்ட ஒரு தாள். வேறெதுவும் இல்லாத இயந்திரத்துக்குள் அதை மட்டும் வைத்து மூன்றரை நிமிடம் ஓட்டவேண்டும். காற்றெல்லாம் வெளியேறி, ஆவி கட்டின் நடுவரைக்கும் போயிருந்தால் கோடுகள் ஒரே சீராகக் கறுத்திருக்கும். காற்று மிஞ்சியிருந்தால் நடுவில் வெளிறிய திட்டு நிற்கும். ஒரு செவ்வாய்க்கிழமை திட்டு நின்றது. பழைய காசு அளவு. அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த நாள் மறுபடி.

வந்துபோகும் திட்டு அக்காவுக்கு நிரந்தரத் திட்டைவிடப் பயமாக இருந்தது. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கசிவுச் சோதனை வைத்தாள். இயந்திரத்துக்குள் இருக்கிற காற்றையெல்லாம் உறிஞ்சி, எல்லா வால்வையும் மூடி, பத்து நிமிடம் அப்படியே விட்டுப் பார்க்கவேண்டும். உள்ளே அழுத்தம் பதின்மூன்று மில்லிபாருக்கு மேல் ஏறக்கூடாது. முப்பத்தொன்று ஏறியது.

இருவரும் கதவைத் திறந்து, அதைச் சுற்றி ஓடும் ரப்பரை விரலால் தடவிக்கொண்டே வந்தார்கள். கீழே, கீல் பக்க மூலையில், ரப்பர் இறுகி நகக்கீறல் போல ஒரு வெடிப்பு.

"இங்கதான்க்கா" என்றார் மெக்கானிக். "ஆவி உள்ளேயிருந்து தள்ளும்போது ரப்பர் அழுந்திக்குது, ஒண்ணும் தெரியல. காத்தை உறிஞ்சும்போது இந்த வழியா வெளிக்காத்து உள்ள வருது. புது ரப்பர் போட்டா சரியாயிடும். அரை நாள் வேலை."

புது ரப்பர் வாங்கக் குழுவின் அனுமதி வேண்டும். குழு புதன்கிழமைகளில் கூடும்.

அடுத்த புதன்கிழமை அக்கா தாளோடு போனாள். எழுந்து நின்று, திட்டைக் காட்டி, முப்பத்தொன்று என்ற எண்ணைச் சொல்லி, "கதவு ரப்பர்ல கீல் பக்க மூலையில வெடிப்பு. காத்தை உறிஞ்சும்போது வெளிக்காத்து நுழையுது. மாத்துற வரைக்கும் ஒண்ணாம் மிஷினை நிறுத்தணும்" என்றாள். மூன்று வாக்கியம். முந்தின இரவே எண்ணி வைத்திருந்தாள்.

சிம்பிளா சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, தலைமை நாற்காலியில் இருந்த ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் பக்கம் திரும்பினார்.

"சார், இவங்க சொல்ல வர்றது என்னன்னா, கொஞ்சம் சூடா இருக்குன்னு ஃபீல் பண்றாங்க. அடித்தளம் இல்லையா, காத்தோட்டம் கம்மி."

"இல்ல சார், நான் சொன்னது..."

"புரியுது, புரியுது. நல்ல பாயிண்ட். தனியாப் பேசிக்கலாம்." அவர் புன்னகை செய்தார். "ஒரு விஷயம் மட்டும் தெரிஞ்சுக்கங்க. அந்தக் கட்டு மேல ஒட்டுற டேப் இருக்கே, அதுல கோடு கறுத்துதா?"

"கறுத்துது. ஆனா டேப் கறுத்தா சூடு பட்டுதுன்னுதான் அர்த்தம். உள்ள கிருமி செத்துதுன்னு..."

"கறுத்துது" என்று அவர் கண்காணிப்பாளரிடம் சொன்னார். "கறுத்துது சார்."

கண்காணிப்பாளர் திருப்தியோடு தலையசைத்தார். மூன்று நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு வந்தது. நீராவிப் பிரிவு என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: 'கதவு ரப்பர் குறித்துப் பிரிவுப் பொறுப்பாளர் தம் உணர்வுகளைப் பகிர்ந்துகொண்டார். குழு அவற்றை மதித்தது.'

அக்கா அந்த வரியை நான்கு தடவை படித்தாள். தான் அன்றைக்கு உண்மையில் என்ன சொன்னோம் என்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அடுத்து அவள் பரிந்துரைப் பெட்டியை முயன்று பார்த்தாள். படிவம் பதினான்கு. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு விதி இருந்தது: ஒரு துறையில் அனுபவம் உள்ளவர் அதே துறையைப் பற்றிப் பரிந்துரைத்தால் அது பாரபட்சம் எனக் கொள்ளப்படும். மெக்கானிக்கும் பாரபட்சக்காரர்தான். யாருக்குப் பாரபட்சம் இல்லை என்று இருவரும் யோசித்துவிட்டு, தோட்டக்காரரிடம் போனார்கள். அவர் நல்ல மனிதர். ரப்பர் என்ற சொல்லுக்கு எழுத்துப் பிழை வராமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பரிந்துரை இரண்டே வாரத்தில் ஏற்கப்பட்டது. தோட்டக்காரருக்கு மேடையில் கேடயம் கொடுத்தார்கள். கண்காணிப்பாளர் ஒலிபெருக்கியில் பேசினார்:

"தெரிஞ்சவங்க தெரிஞ்சதைச் சொல்றது பெரிய விஷயமில்ல. யார் வேணும்னாலும் செய்யலாம். தெரியாதவங்க தெரியாததைச் சொல்றாங்களே, அங்கதான் புதுச் சிந்தனை பிறக்குது. நம்ம குழு ஆரம்பத்துலேர்ந்து அந்த வழியிலதான் நடக்குது."

எல்லோரும் கைதட்டினார்கள். ரப்பர் வரவில்லை. விசாரித்தபோது, கேடயம் கொடுத்ததோடு அந்தப் பரிந்துரை 'நிறைவேற்றப்பட்டது' என்று கோப்பில் மூடப்பட்டிருந்தது தெரிந்தது.

இதற்கிடையே ஒன்றாம் இயந்திரத்தை என்ன செய்வது என்பது அக்காவுக்குத் தலைவலியாக இருந்தது. நிறுத்தி, 'பழுது' என்று பலகை மாட்டினாள். மறுநாள் பலகையைக் காணோம். குழு ஒவ்வோர் இயந்திரமும் ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஓடியது என்று கணினியில் பார்த்துக்கொண்டிருந்தது. எட்டுக்குக் குறைந்தால் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்தால் சிம்பிளா சார் கீழே வந்து, ஆவி என்றால் என்ன என்று முதலிலிருந்து தொடங்குவார்.

அதனால் அக்கா ஒரு காரியம் செய்தாள். தன் கீழே வேலை செய்த இருவரைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. மேலே போகிற கருவிகள் அத்தனையையும் இரண்டாம் இயந்திரத்திலேயே வைத்தாள். ஒன்றாம் இயந்திரத்துக்குள் கிழிந்த போர்வைகளை மடித்து வைத்து, எட்டு தடவை ஓட்டினாள். காலையில் உள்ளே போன போர்வை சாயங்காலம் வெளியே வரும். மறுநாள் அதே போர்வை. கணினியில் பச்சை விளக்கு எரிந்தது. அந்த ஊரிலேயே அவ்வளவு அவிந்த போர்வைகள் வேறெங்கும் இருந்திருக்காது.

இரண்டாம் இயந்திரம் மூச்சு வாங்கியது. ஒரு தடவை ஓடிக் காய்ந்து வெளியே வர ஐம்பது நிமிடம் ஆகும். அவசரப்பட்டு எடுத்தால் கட்டு ஈரமாக இருக்கும், ஈரத்துணி வழியாக வெளிக்கிருமி உள்ளே ஏறிவிடும். நெருக்கி அடைத்தால் ஆவி நடுவில் போகாது. அதனால் அவசரப்படவும் முடியாது, நெருக்கவும் முடியாது. கருவிகள் தாமதமாகப் போயின. அறுவை அரங்கின் மூத்த நர்ஸ், எல்லோரும் தியேட்டர் சிஸ்டர் என்பார்கள், போனில் அழுத்திப் பேசினாள்.

"என்னக்கா, ரெண்டு மிஷின் வெச்சுக்கிட்டு இவ்வளவு லேட்டா?"

"வந்துடும் சிஸ்டர்."

"உங்களுக்கு வயசாயிடுச்சா, மிஷினுக்கா?"

அக்கா போனை வைத்துவிட்டாள். போனில் யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ.

தாமதத்துக்குக் காரணம் அறிவுக் குறைவு என்று குழு கண்டுபிடித்தது. சிம்பிளா சார் 'நீராவி விழிப்புணர்வு' என்று இரண்டு நாள் வகுப்பு நடத்தினார். முன்வரிசையில் அக்காவுக்கு நாற்காலி. வகுப்புக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். இரண்டாவது பக்கத்திலேயே அக்காவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. பதினொரு வருடத்துக்கு முன் அவள் உட்கார்ந்து எழுதிய கையேடு. கடினமானதெல்லாம் எடுத்துவிட்டு, குக்கர் படம் சேர்த்திருந்தார்கள். காற்று என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வந்தது. அதுவும் மின்விசிறி பற்றிய குறிப்பில்.

கடைசியில் பரீட்சை. ஐந்தாவது கேள்வி: சோதனைத் தாளின் நடுவில் வெளிறினால் என்ன பொருள்? அக்கா 'காற்று மிஞ்சியிருக்கிறது. இயந்திரத்தை நிறுத்தவேண்டும்' என்று எழுதினாள். தவறு. சரியான விடை: தாள் பழையது, வேறு தாள் வைக்கவும். பத்துக்கு நான்கு வாங்கி அவள் தோற்றாள்.

"மனசு கஷ்டப்படாதீங்க" என்றார் சிம்பிளா சார், விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபடி. "உங்க வயசுல புதுசாக் கத்துக்கிறது சிரமம்தான். நீங்க நல்லா உழைக்கிறவங்க. அதை யாரும் இல்லைன்னு சொல்லல. சந்தேகம் வந்தா என்கிட்ட வாங்க."

சந்தேகம் ஏற்கெனவே வந்திருந்தது. ஆனால் அது வேறு மாதிரிச் சந்தேகம்.

வரவேற்புக் கூடத்தில் குழு ஒரு பெருமைச் சுவர் வைத்திருந்தது. அதில் ஒன்றாம் இயந்திரத்தின் தினசரிச் சோதனைத் தாள்கள் வரிசையாகக் கண்ணாடிக்குள் ஒட்டப்பட்டிருந்தன. எல்லாம் சீரான கறுப்பு. அக்கா ஒருநாள் மதியம் அதன் முன்னால் நின்றாள். பத்தில் மூன்று நாள் திட்டு விழுந்த தாளை அவளே தேதி போட்டுக் கோப்புக்கு அனுப்பியிருந்தாள். அவையெல்லாம் எங்கே?

மூக்கு கண்ணாடியில் படும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தாள். முதல் தாளின் ஓரத்தில் ஒரு பெருவிரல் ரேகை. இரண்டாவது தாளிலும் அதே ஓரத்தில், அதே சாய்வில், அதே ரேகை. மூன்றாவதிலும். இருபத்தாறு தாளிலும். தேதி மட்டும் வேறு. ரேகை அவளுடையது. எப்போதோ ஒரு நல்ல நாளில் அவள் தொட்ட ஒரு தாளைத்தான் வண்ணத்தில் நகலெடுத்து ஒட்டிக்கொண்டே வந்திருந்தார்கள்.

நேராக மேலே போனாள். சிம்பிளா சார் மறைக்கவில்லை.

"அது பிரதிநிதித் தாள்" என்றார். "சிம்பிளா சொல்லணும்னா, சுவர்னா ஒரே சீரா இருக்கணும். பார்க்கிறவங்களுக்கு நம்பிக்கை வரணும். திட்டு இருந்தா எதுக்குன்னு கேப்பாங்க. உங்களுக்குத்தான் விளக்கத் தெரியாதே."

அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆளுக்கு உண்மையிலேயே தெரியாதா, தெரிந்துகொண்டுதான் இப்படிப் பேசுகிறாரா என்பதை அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரியாது என்றால் பரிதாபம். தெரியும் என்றால் என்ன பேர் சொல்வது?

ஆறாவது மாதத்தில் கண்காணிப்பாளர் மூட்டு மாற்று முகாம் அறிவித்தார். இரண்டு நாளில் நாற்பது அறுவை. ஒவ்வொன்றுக்கும் ஆறேழு தட்டுக் கருவிகள், கனமானவை. அக்கா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். இரண்டாம் இயந்திரம் விடிய விடிய ஓடினாலும் பாதிகூட வராது. போர்வைகள் வெளியேறி, கருவிகள் ஒன்றாம் இயந்திரத்துக்குள் போயே ஆகவேண்டும். திட்டு விழுகிற நாளில் எந்தக் கருவியின் எந்த இடுக்கில் காற்று நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. புது மூட்டுக்குள் கிருமி போனால், போட்ட மூட்டைத் திரும்ப எடுக்கவேண்டும். சில நேரம் காலையே.

அந்தப் புதன்கிழமை மறுபடி எழுந்து நின்றாள். வாயைத் திறக்குமுன் சிம்பிளா சார் சொன்னார்: "ரப்பர்தானே? மதிச்சாச்சு."

"நான் ராஜினாமா எழுதிக் குடுத்துடலாம்னு பார்க்கிறேன்" என்றாள் அன்றைக்கு வீட்டில்.

கணவர் சட்டையை மாட்டியபடி கேட்டார்: "நீ போயிட்டா அந்தப் போர்வையை யார் உள்ள வைப்பாங்க?"

அவள் ராஜினாமா எழுதவில்லை.

முகாமுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு பிற்பகலில் சிம்பிளா சார் கீழே இறங்கிவந்தார். வழக்கமான நடை இல்லை. ஒரு கை அடிவயிற்றின் பக்கமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டு, வேலை செய்துகொண்டிருந்த இருவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்.

அக்காவுக்கு உடனே எச்சரிக்கை தட்டியது. போர்வை விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தாள்.

"உக்காருங்கக்கா" என்றார். அக்கா என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவள் இன்னும் பயந்தாள்.

"எனக்கு நாளன்னிக்கு ஆபரேஷன். குடலிறக்கம். சின்னதுதான். நம்ம தியேட்டர்லயே வெச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டார்."

"அப்படிங்களா. நல்லபடியா நடக்கும் சார்."

"நடக்கும், நடக்கும்." அவர் ஒன்றாம் இயந்திரத்தைப் பார்த்தார். பிறகு இரண்டாவதைப் பார்த்தார். "என்னோட கருவியெல்லாம் எந்த மிஷின்ல போகும்?"

"அட்டவணைப்படி ஒண்ணாவதுல சார்." அட்டவணையை எழுதியது அவர்தான்.

"அதை ரெண்டாவதுல வெச்சுட முடியுமா?"

ஒன்றாவதுக்குள் போர்வைகள் அவிந்துகொண்டிருந்தன. அவருடைய கருவிகள் எப்படியும் இரண்டாவதில்தான் போகப்போகின்றன, நான்கு மாதமாக எல்லோருக்கும் அப்படித்தான் போகிறது என்று சொல்லிவிட ஒரு வார்த்தை போதும். அக்கா அந்த வார்த்தையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு சார்? ஒண்ணாவது நல்லாத்தானே ஓடுது. சுவர்ல பார்த்தேன்."

"சும்மா. ஒரு மன நிம்மதிக்கு."

அக்கா எழுந்து அலமாரியைத் திறந்து ஒரு படிவத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். இயந்திர ஒதுக்கீட்டு விலக்குப் படிவம். அவருடைய குழு அச்சடித்ததுதான். இதுவரை யாரும் தொட்டதில்லை.

"இதை நிரப்பிக் குடுத்துட்டா மாத்தி வெச்சுடலாம் சார்."

"நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்?"

"அட்டவணையைப் படிவம் இல்லாம மாத்தக்கூடாதுன்னு விதி சார். நீங்கதான் வெச்சீங்க."

அவர் பேனாவை எடுத்தார். பெயர், பிரிவு, தேதி எல்லாம் வேகமாக எழுதினார். ஏழாவது கட்டத்தில், காரணம் என்ற இடத்தில், 'மன நிம்மதி' என்று எழுதினார். அக்கா கட்டத்துக்குக் கீழே இருந்த வரியை விரலால் காட்டினாள். உணர்வுகள் காரணமாக ஏற்கப்படமாட்டா. தொழில்நுட்பக் காரணம் மட்டும்.

அவர் அதை அடித்தார். வேறொரு படிவம் கேட்டார். அவள் கொடுத்தாள். பேனா கட்டத்துக்கு மேலேயே நின்றது.

"என்ன எழுதணும்?" என்றார்.

"உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க சார்."

அவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. மெதுவாக எழுதத் தொடங்கினார். அக்கா தலைகீழாகவே படித்தாள். 'ஒன்றாம் இயந்திரத்தின் கதவு ரப்பரில், கீல் பக்க மூலையில் வெடிப்பு உள்ளது. காற்றை உறிஞ்சும்போது வெளிக்காற்று நுழைகிறது. கசிவுச் சோதனையில் பத்து நிமிடத்துக்கு முப்பத்தொன்று மில்லிபார். மாற்றும்வரை இயந்திரத்தை நிறுத்தவேண்டும்.'

ஒரு சொல் பிசகவில்லை. அவள் இரண்டாவது மாதத்தில், எழுந்து நின்று சொன்ன அதே வாக்கியங்கள். கீல் பக்க மூலை உட்பட. முப்பத்தொன்று உட்பட. அன்றைக்குக் கண்ணை மூடியிருந்தாரே, கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒவ்வொரு சொல்லையும் கேட்டு, பத்திரமாக வைத்திருந்து, தன் வயிற்றுக்கு என்று வந்தபோது எடுத்திருக்கிறார்.

தனக்குக் கோபம் வரும் என்று அக்கா நினைத்தாள். வரவில்லை. தன் மூளையைப் பற்றி நான்கு மாதமாக இருந்த ஒரு சந்தேகம் மட்டும் சத்தமில்லாமல் இறங்கிப்போனது. அந்த இடத்தில் சில்லென்று ஒரு வெறுப்பு உட்கார்ந்தது.

"கையெழுத்து சார்."

அவர் போட்டார். "இது நமக்குள்ள இருக்கட்டும்" என்றார்.

"படிவத்துக்கு மூணு நகல் போகும் சார். அதுவும் நீங்க வெச்சதுதான்."

படிவத்தின் பின்பக்கத்தில் இன்னொரு விதியும் இருந்தது. ஒருங்கிணைப்பாளரே தொழில்நுட்பக் காரணம் காட்டிக் கையெழுத்திட்ட இயந்திரம், குறை நீங்கும்வரை பூட்டப்படவேண்டும். அக்கா அதை அவர் போனபிறகு சத்தமாக ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு போர்வைகளை வெளியே எடுத்து, மின்சாரத்தை அணைத்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். முதல் நகல் கண்காணிப்பாளருக்குப் போனது. ஒருங்கிணைப்பாளரின் கையெழுத்து இருந்ததால் அது உணர்வு ஆகவில்லை. புது ரப்பர் மூன்றாம் நாள் வந்து சேர்ந்தது. மெக்கானிக் சொன்னபடி அரை நாள் வேலை. கசிவு பத்து நிமிடத்துக்கு ஆறு. அடுத்த ஏழு காலையும் தாள் சீராகக் கறுத்தது. ஏழாவது நாளும் அக்கா அதை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். முகாம் ஒரு வாரம் தள்ளிப்போனது, அவ்வளவுதான். நாற்பது பேருக்கும் மூட்டு மாற்றினார்கள்.

சிம்பிளா சாருக்கும் அறுவை நல்லபடியாக முடிந்தது. மூன்று வாரம் கழித்து, குழுக் கூட்டத்தில் மெலிந்த முகத்தோடு எழுந்து நின்றார். ரப்பர் விவகாரத்தைத் தானே முன்கூட்டியே கண்டுபிடித்த விதம் பற்றி ஒரு விளக்கப் படம் தயாரித்துக் கொண்டுவந்திருந்தார்.

"சிம்பிளா சொல்லணும்னா, கதவுல ஒரு ரப்பர் இருக்கு" என்று அக்காவின் பக்கம் திரும்பிச் சொன்னார். "அதுல வெடிப்பு வந்தா ஆவி வெளிய போயிடும்."

"காத்து உள்ள வரும்" என்றாள் அக்கா.

"அதேதான் நானும் சொல்றேன். இதுல பெரிய விஷயம் என்னன்னா, நாலு மாசம் அந்த மிஷின் அப்படி ஓடியும் ஒரு நோயாளிக்குக்கூட தொற்று வரல. காரணம் நம்ம குழு. பெருமைச் சுவர். பயிற்சி வகுப்பு. நம்பிக்கை."

கண்காணிப்பாளர் கைதட்டத் தயாரானார்.

"தொற்று வராததுக்குக் காரணம் வேற சார்" என்றாள் அக்கா. எழுந்து நிற்கவில்லை. "நாலு மாசமா அந்த மிஷின்ல வெறும் போர்வைதான் வெந்துது. மேல வந்த கருவி ஒவ்வொண்ணும் ரெண்டாவதுல போனது. உங்களோடதும்."

குறிப்பெழுதுகிறவளின் பேனா நின்றது. தியேட்டர் சிஸ்டர் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். லேட், லேட் என்று போனில் தான் கத்திய ஒவ்வொரு நாளையும் அவள் மனசுக்குள் புரட்டிக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"அதாவது இவங்க என்ன சொல்ல வர்றாங்கன்னா..." என்று சிம்பிளா சார் ஆரம்பித்தார்.

"நீங்க உக்காருங்க சார், தையல் பிரிஞ்சுடும்" என்றாள் தியேட்டர் சிஸ்டர். நாற்காலியை அக்காவின் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அக்கா, நீங்க சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்."

அக்கா, யாராவது குறுக்கே வருவார்கள் என்று மேஜையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகச் சந்தேகத்தோடு பார்த்தாள். யாரும் வரவில்லை.

"முதல்ல காத்து" என்றாள்.